மொமென்டம் கோடு இறங்குகிறது, ஏற்றம் ஓய்கிறதா?

கேள்வி: மொமென்டம், ஆர்ஓசி ரெண்டையும் சார்ட்ல போட்டுப் பார்த்தா, விலை ஏறிக்கிட்டே இருக்கும்போதே கோடு கீழ வருது. ரெண்டுமே வெறும் கழித்தல் கணக்குதானே? அதை வச்சு டிரெண்ட் ஓயப்போகுதுன்னு எப்படிச் சொல்றாங்க? நம்பலாமா?

பதில்: வெறும் கழித்தல்தான், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. நம்பலாமா என்றால், கோடு ஏன் இறங்கியது என்று பார்த்த பிறகு நம்பலாம். பெரும்பாலானவர்கள் அந்தப் பார்வையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சார்ட் மென்பொருள் உள்ளே செய்வது இவ்வளவுதான்:

```
MOM = close - close[n]
ROC = 100 * (close - close[n]) / close[n]
```

`n` பத்து என்றால், இன்றைய முடிவு விலையிலிருந்து பத்து வர்த்தக நாளுக்கு முந்தைய முடிவு விலையைக் கழிக்கிறோம். அது மொமென்டம். அந்த வித்தியாசத்தைப் பழைய விலையால் வகுத்துச் சதவீதமாக்கினால் ஆர்ஓசி. நடுவில் இருக்கும் ஒன்பது நாளில் விலை எங்கே போய் எங்கே வந்தது என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

விலையைக் கடந்த தூரம் என்று வைத்துக்கொண்டால் மொமென்டம் வேகம். வேகம் குறைந்தாலும் வண்டி முன்னால்தான் போய்க்கொண்டிருக்கும். விலை ஏறும்போதே கோடு இறங்குவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். ஒரு பங்கு தினமும் சரியாக 5 ரூபாய் ஏறிக்கொண்டே போனால் பத்து நாள் மொமென்டம் 50 என்ற இடத்தில் அசையாமல் நிற்கும். கோடு மேலே போக வேண்டுமென்றால் ஏற்றம் தொடர்ந்தால் மட்டும் போதாது, ஏற்றத்தின் அளவும் கூடவேண்டும். அதே பங்கு தினமும் 3 ரூபாயாக ஏற ஆரம்பித்தால், விலை தினமும் புது உச்சத்தைத் தொடும், கோடோ 50-லிருந்து 30-க்கு இறங்கிவிடும். இதைத்தான் டைவர்ஜென்ஸ் என்கிறார்கள்: விலை முந்தைய உச்சத்தைத் தாண்டுகிறது, மொமென்டம் தன் முந்தைய உச்சத்தைத் தாண்ட முடியாமல் அதற்குக் கீழேயே திரும்பிவிடுகிறது.

இதுவரை எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, கழித்தலுக்கு இரண்டு முனை உண்டு என்பதை. ஒரு முனையில் இன்றைய விலை, இன்னொரு முனையில் பழைய விலை. ஒவ்வொரு நாளும் இரண்டுமே ஒரு அடி நகர்கின்றன. ஆகவே நேற்றைய மொமென்டத்துக்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசம், இன்று விலை எவ்வளவு மாறியது என்பதிலிருந்து, கணக்கை விட்டு இன்று வெளியேறும் நாளில் விலை எவ்வளவு மாறியிருந்தது என்பதைக் கழித்தால் வருவது. பாதி சேதி இன்று நடந்தது. மீதிப் பாதி என்றைக்கோ நடந்து முடிந்தது.

2024 ஜூனில் நிஃப்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸிட் போல் குஷியில் ஜூன் 3 அன்று 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. ஒரே நாளில் 1,379 புள்ளி சரிந்து 21,884.50. அடுத்த மூன்று நாளில் விட்டதை எல்லாம் பிடித்துவிட்டது. ஜூன் 7 முடிவு 23,290. அதன்பின் இரண்டு வாரம் பெரிய அசைவு இல்லாமல் மெல்ல மேலே நகர்ந்தது.

இப்போது பத்து நாள் மொமென்டம் போடுங்கள். ஜூன் 17 பக்ரீத் விடுமுறை, ஆகவே ஜூன் 18-க்குப் பத்து வர்த்தக நாள் முந்தையது ஜூன் 3. அன்றைக்கு நிஃப்டி 23,557.90, மொமென்டம் 294. ஜூன் 19 அன்று நிஃப்டி 23,516. அதாவது 42 புள்ளி இறக்கம். மொமென்டம் எங்கே போனது தெரியுமா? 1,631-க்கு. சந்தை இறங்கிய நாளில் கோடு ஐந்து மடங்குக்கு மேல் தாவிவிட்டது. காரணம், அன்றைக்கு ஒப்பிடும் விலை 23,263.90-லிருந்து தேர்தல் நாளின் 21,884.50-க்கு மாறிவிட்டது. 42 புள்ளி இறக்கத்திலிருந்து 1,379 புள்ளி இறக்கத்தைக் கழித்தால் 1,337 புள்ளி கூடுதல். கணக்கு அப்படியே ஒத்துப்போகும்.

அடுத்த நாள் இதற்கு நேர்மாறு. ஜூன் 20 அன்று நிஃப்டி 51 புள்ளி ஏறி 23,567. மொமென்டம் 947-க்கு விழுந்தது, ஏனென்றால் இப்போது ஒப்பீடு ஜூன் 5-ன் 22,620-உடன். ஜூன் 24-க்குள் 248-க்கே வந்துவிட்டது. மூன்று வர்த்தக நாளில் கோடு 1,631-லிருந்து 248. சார்ட்டில் இதைப் பார்க்கிறவர் "வேகம் செத்துவிட்டது" என்று ஷார்ட் போடக் கிளம்பலாம். அந்த நாட்களில் நிஃப்டி 23,500-ஐ ஒட்டி ஏறக்குறைய இருந்த இடத்திலேயேதான் இருந்தது. கோட்டில் தெரிந்த மலையும் பள்ளமும் இரண்டு வாரத்துக்கு முந்தைய தேர்தல் நாளின் நிழல்.

ஆக, கோடு சட்டென்று திரும்பினால் முதலில் பார்க்கவேண்டியது வலது ஓரத்தை அல்ல. `n` நாள் பின்னால் போய், அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே ஒரு பெரிய கேப்போ, பதற்றத்தில் வந்த ஒரு நாள் சரிவோ இருந்தால் இன்றைய திருப்பத்தை ஒதுக்கிவிடலாம்.

சரி, அப்படியானால் நிஜமாகவே ஓய்ந்த டிரெண்ட் எப்படி இருக்கும்? அதற்கு 2007 சென்செக்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தினசரி இரைச்சல் வேண்டாம், மாத முடிவு விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மாத வித்தியாசம் போட்டிருக்கிறேன். புள்ளிகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

| மாத முடிவு | சென்செக்ஸ் | 3 மாத மொமென்டம் | 3 மாத ஆர்ஓசி |
|---|---|---|---|
| மே 2007 | 14,544 | 1,606 | 12.4% |
| ஜூன் | 14,651 | 1,579 | 12.1% |
| ஜூலை | 15,551 | 1,679 | 12.1% |
| ஆகஸ்ட் | 15,319 | 775 | 5.3% |
| செப்டம்பர் | 17,291 | 2,640 | 18.0% |
| அக்டோபர் | 19,838 | 4,287 | 27.6% |
| நவம்பர் | 19,363 | 4,044 | 26.4% |
| டிசம்பர் | 20,287 | 2,996 | 17.3% |
| ஜனவரி 2008 | 17,649 | −2,189 | −11.0% |

செப்டம்பர் 18 அன்று அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வட்டியை அரை சதவீதம் குறைத்தது. வெளிநாட்டுப் பணம் கொட்டியது. செப்டம்பரில் 1,972 புள்ளி, அக்டோபரில் 2,547 புள்ளி என்று இரண்டே மாதத்தில் நாலாயிரத்து ஐந்நூறு புள்ளி ஏற்றம். அக்டோபர் 17 அன்று, வெளிநாட்டார் இங்கே பதிவு செய்யாமலே முதலீடு செய்ய உதவும் பி-நோட் பற்றிய செபியின் யோசனையால் திறந்த சில நிமிடங்களிலேயே வர்த்தகத்தை ஒரு மணி நேரம் நிறுத்தவேண்டி வந்தது. அந்த அடியையும் தாண்டித்தான் மாத முடிவில் 19,838.

டிசம்பர் வரிசையைப் பாருங்கள். 20,287 அதுவரை வராத மாத முடிவு. அக்டோபரைவிட 449 புள்ளி உயரம். மொமென்டமோ 4,287-லிருந்து 2,996-க்கு இறங்கிவிட்டது, சுமார் 30 சதவீதம் குறைவு. பாடப்புத்தக டைவர்ஜென்ஸ்.

ஆனால் மேலே சொன்ன சோதனையை இதற்கும் போடவேண்டும். நவம்பரிலிருந்து டிசம்பருக்கு மொமென்டம் 1,048 புள்ளி குறைந்தது. டிசம்பரில் சென்செக்ஸ் 924 புள்ளி ஏறியிருக்கிறது. அது மோசமான மாதமே இல்லை, கிட்டத்தட்ட 5 சதவீத ஏற்றம். கோடு இறங்கியதற்குக் காரணம் செப்டம்பரின் 1,972 கணக்கை விட்டு வெளியேறியது. அப்படியென்றால் இதுவும் நிஃப்டி தேர்தல் நாள் மாதிரி வெறும் நிழல்தானா?

இல்லை. 2024-ல் வெளியேறியது ஒரு நாள் விபத்து. அது நடந்த பிறகு சந்தை பழைய நிலைக்கே திரும்பிவிட்டது, டிரெண்டுக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை. 2007-ல் வெளியேறியது டிரெண்டின் பலமே. 1,972 போகிறது, அதற்குப் பதிலாக 924 வருகிறது. அதற்கு முந்தைய மாதமோ 475 இறக்கம். டிசம்பர் மாதத்தின் மூன்று மாதக் கணக்கைப் பிரித்தால் 2,547, கழித்தல் 475, கூட்டல் 924. இந்த 2,996-ல் பெரும்பங்கு அக்டோபர் போட்ட முதல். அது ஜனவரியில் வெளியேறப்போகிறது என்பது டிசம்பர் 31 அன்றே தெரியும். ஜனவரியில் 2,547 புள்ளி ஏறினால்தான் கோடு அதே இடத்தில் நிற்கும். கடைசி இரண்டு மாதமும் சேர்ந்தே 449 புள்ளிதான் ஏறியிருக்கிறது என்கிறபோது, கோடு இன்னும் இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இந்தக் குறியீட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அடுத்து என்ன கழியப்போகிறது என்பது கையில் இருக்கும் தரவிலேயே எழுதியிருக்கிறது. எவ்வளவு வரவேண்டும் என்று தெரிந்துகொண்டு, வருகிறதா என்று பார்த்தால் போதும்.

வரவில்லை. ஜனவரி 10 அன்று நாளிடையில் 21,206 வரை போனது. ஜனவரி 21 ஒரே நாளில் 1,408 புள்ளி சரிந்து 17,605-ல் முடிந்தது. இந்தச் சரிவைக் கோடு கணித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க வீட்டுக்கடன் சிக்கலோ, வெளிநாட்டுப் பணம் எப்போது திரும்பும் என்பதோ கழித்தலுக்குத் தெரியாது. அது சொன்னது, ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டிருந்த விசை சுமார் 30 சதவீதம் குறைந்துவிட்டது என்பதை மட்டும். அந்த நிலையில் ஒரு அடி விழுந்தால் தாங்குமா தாங்காதா என்பது வேறு கேள்வி.

அதே பட்டியலில் ஒரு பொய் எச்சரிக்கையும் இருக்கிறது, அதையும் காட்டாமல் விட்டால் நியாயமில்லை. ஜூன் வரிசை. 14,651 அதுவரையிலான உச்ச மாத முடிவு, மொமென்டம் மே மாதத்தின் 1,606-ஐவிடக் குறைந்து 1,579. இலக்கணப்படி இதுவும் டைவர்ஜென்ஸ்தான். அதைப் பார்த்து விற்றவர், டிசம்பர் வரைக்கும் 38 சதவீத ஏற்றத்தைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்.

ஜூனையும் டிசம்பரையும் எப்படிப் பிரிப்பது? முதலில் குறைவின் அளவு. 1,606-ல் 27 புள்ளி என்பது ஒன்றுமே இல்லை. கோடு தன் முந்தைய உச்சத்திலிருந்து கால்வாசியாவது குறையாவிட்டால் நான் அதைக் கண்டுகொள்வதில்லை. இது சூத்திரம் கிடையாது, பழக்கத்தில் வந்த அளவுகோல். உங்கள் பங்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, விலையே ஒப்புக்கொள்கிறதா என்பது. ஜூனுக்குப் பிறகு சந்தை ஒரு முறை தளர்ந்தது, ஆகஸ்டில் 15,319. மாத முடிவு விலையில் ஜூனின் 14,651-க்குக் கீழே போகவே இல்லை. ஆகஸ்ட் மாதத்தின் 775-ஐப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் அதே பதில்தான். டிசம்பருக்குப் பிறகோ, நடுவில் இருந்த பள்ளமான நவம்பரின் 19,363-ஐ ஜனவரி உடைத்துக்கொண்டு கீழே போனது. மொமென்டம் தளர்ந்ததும் ஸ்டாப்லாஸை முந்தைய பள்ளத்துக்குக் கீழே நெருக்கி வைப்பது, பள்ளம் உடைந்தால் வெளியே வருவது. கோட்டை மட்டும் நம்பி ஷார்ட் போவதைவிட இது எவ்வளவோ மேல். வலுவான ஏற்றத்தில் டைவர்ஜென்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று கூட வரும், விலை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

கோடு பூஜ்யத்தைத் தாண்டுவது பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். மொமென்டத்தை `n`-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதே `n` நாள் சாதாரண நகரும் சராசரி நேற்றிலிருந்து இன்றைக்கு எவ்வளவு நகர்ந்தது என்ற எண். தோராயமாக இல்லை, அச்சாக அதுவே. டிசம்பரின் 2,996-ஐ மூன்றால் வகுத்தால் சுமார் 999. மூன்று மாதச் சராசரியை நவம்பருக்கும் டிசம்பருக்கும் போட்டுப் பாருங்கள், 18,831-லிருந்து 19,829-க்குப் போயிருக்கும். தசமத்தில் வரும் சிறு விலகல் தவிர அதே எண். ஆகவே மொமென்டம் பூஜ்யத்துக்குக் கீழே போவதும் சராசரிக் கோடு கீழ்நோக்கித் திரும்புவதும் ஒரே சம்பவம். இரண்டையும் சார்ட்டில் போட்டு "ரெண்டு இண்டிகேட்டர் உறுதி செய்கிறது" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. பூஜ்யத் தாண்டல் தாமதமாகத்தான் வரும். 2008 ஜனவரி முடிவில் அது வந்தபோது டிசம்பர் முடிவிலிருந்து 13 சதவீதம் போய்விட்டிருந்தது. தாமதம் என்பதால் உதவாது என்றும் இல்லை. 17,649-ல் வெளியே வந்தவர் 2008 அக்டோபர் முடிவின் 9,788-ஐப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வித்தியாசமா, சதவீதமா என்ற கேள்விக்கு வருவோம். சில வாரங்களுக்குள் பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம், எதைப் போட்டாலும் பரவாயில்லை. நீண்ட காலத்துக்கு ஆர்ஓசிதான் சரி. 2007-ல் 2,996 புள்ளி என்பது 17 சதவீதம். சென்செக்ஸ் 80,000-ல் இருக்கும்போது அதே 3,000 புள்ளி 4 சதவீதம்கூட இல்லை. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் பழைய ஏற்றமெல்லாம் தரைமட்டமாகத் தெரியும்.

ஆனால் ஆர்ஓசிக்கும் ஒரு குணம் உண்டு. 100 ரூபாய்ப் பங்கு மாதம் 10 ரூபாய் வீதம் ஒழுங்காக ஏறுகிறது என்று வையுங்கள். மூன்று மாத மொமென்டம் எப்போதும் 30. ஆர்ஓசி மட்டும், விலை 130-ல் இருக்கும்போது 30 சதவீதம், 200-ல் 17.6, 330-ல் 10 என்று இறங்கிக்கொண்டே வரும். எதுவும் தளரவில்லை, வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது. மாதம் இத்தனை சதவீதம் என்று ஏறும் பங்கில் இது தலைகீழ்: ஆர்ஓசி நேராக நிற்கும், மொமென்டம் தானாக ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஆர்ஓசி மெதுவாக, மடிப்பில்லாமல் சரிந்து, மொமென்டம் நேராக இருந்தால் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் விசை நிஜமாகவே குறைகிறது. 2007 பட்டியலில் அக்டோபருக்குப் பிறகு இரண்டுமே இறங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆர்எஸ்ஐக்கு இருப்பதுபோல 70, 30 என்ற எல்லைக்கோடுகளை இதில் தேடாதீர்கள். இந்தக் கணக்குக்கு மேல் வரம்பே இல்லை. 27.6 சதவீதம் அதிகமா இல்லையா என்பதை அதே பங்கின் பழைய உச்சங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று, தனிப் பங்குகளில் அடிக்கடி வரும் தொல்லை. ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்த நாளில் விலை பாதியாகிவிடும். நீங்கள் எடுத்த தரவில் பழைய விலைகள் திருத்தப்படாமல் இருந்தால், ஆர்ஓசி ஒரே நாளில் மைனஸ் 50-க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரியாக `n` வர்த்தக நாள் அங்கேயே கிடந்துவிட்டு, ஒரே தாவலில் பழைய இடத்துக்கு வந்துவிடும். பள்ளத்தின் இரண்டு சுவரும் செங்குத்தாக, அகலம் அப்படியே `n` என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது தரவின் பிழை. பங்குப் பிரிப்புக்கும் இதே கதைதான், விகிதத்துக்குத் தக்கபடி பள்ளத்தின் ஆழம் மட்டும் மாறும். உங்கள் செயலியில் விலையைத் திருத்திக் காட்டும் தேர்வு இருந்தால் அதை இயக்கிவிட்டு, சார்ட்டை மறுபடி போட்டுப் பாருங்கள்.